வாடகை ஒப்பந்தத்தில் தொலைபேசி எண்ணைக் குழப்பமின்றி எழுதுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் வாடகைப் பத்திரம் எழுதும்போது வாடகைத் தொகைக்கும் முன்பணத்துக்கும் காட்டப்படும் கவனம் தொலைபேசி எண்ணுக்குக் காட்டப்படுவதில்லை. வீட்டு உரிமையாளர் ஓர் ஊரிலும், சாவி இன்னொருவரிடமும், மற்றப் பங்காளிகள் கடல் கடந்தும் இருப்பது இங்கே வழக்கம் என்பதால், எண்ணில் நேரும் பிழை மற்ற ஊர்களைவிட இங்கே அதிகமாக உறுத்துகிறது. இதுபற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட ஐயங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன். கீழே வரும் மாதிரி எண்களில் வேண்டுமென்றே நடைமுறையில் இல்லாத தொடக்க இலக்கங்களைப் பயன்படுத்தியிருப்பதால், அவற்றை அழைத்தால் யாருடைய தொலைபேசியும் ஒலிக்காது.

“பத்து நம்பரை எழுதினா முடிஞ்சது. இதுல என்ன குழப்பம் வந்துடப் போகுது?”

ஆதார் எண்ணின் கடைசி இலக்கம், முன்னுள்ள இலக்கங்களிலிருந்து கணக்கிட்டுச் சேர்க்கப்பட்ட சரிபார்ப்பு இலக்கமாகும். ஆதலால் அதில் ஓர் இலக்கம் மாறினால் கணினி உடனே மறுத்துவிடும். கைப்பேசி எண்ணில் அப்படி எதுவும் இல்லை. ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதினாலும், கிடைப்பது பெரும்பாலும் வேறு யாரோ ஒருவருடைய சரியான எண்ணாகவே இருக்கும். தாளைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

பிழை பெரும்பாலும் கையெழுத்திலிருந்து தட்டச்சுக்குப் போகும் இடத்தில் நுழைகிறது. துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கப்படும் எண்ணில் 1, 7 என்ற இரண்டும், 4, 9 என்ற இரண்டும், 0, 6 என்ற இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். வாய்மொழியாகச் சொல்லும்போது “டபுள் ஃபைவ்”, “ட்ரிபிள் ஜீரோ” என்று சொல்வதால் எண்ணிக்கை தவறுகிறது. ஒப்பந்தத்துக்காக எண் கொடுப்பவர் ஒவ்வோர் இலக்கத்தையும் தனித்தனியாகச் சொல்வதும், எழுதியவர் அதைத் திரும்பப் படித்துக் காட்டுவதும் நல்லது.

“முன்னாடி 0 போடணுமா, +91 போடணுமா, இல்ல ரெண்டுமே போடணுமா?”

+91 மட்டும் போட வேண்டும். கைப்பேசி எண்ணுக்கு முன்னால் வரும் 0 அந்த எண்ணின் பகுதியன்று. அழைக்கும் முறையின் பகுதி. தரைவழித் தொலைபேசியிலிருந்து கைப்பேசியை அழைக்க முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்ற விதி 15 ஜனவரி 2021 முதல் நடைமுறைக்கு வந்தபின், சிலர் பத்திரத்திலும் 0 சேர்த்துப் பதினோரு இலக்கமாக எழுதத் தொடங்கினார்கள். வெளிநாட்டில் இருந்து அதைப் படிப்பவர் +91-ஐச் சேர்த்து, 0-ஐயும் விடாமல் அழைத்துவிட்டு, “நம்பர் தப்பு” என்று முடிவு கட்டிவிடுவார்.

ஆகவே நாட்டுக் குறியீடு, ஓர் இடைவெளி, ஐந்து இலக்கம், ஓர் இடைவெளி, ஐந்து இலக்கம் என்று எழுதுங்கள்: +91 10476 39158. கூட்டல் குறிக்குப் பதிலாக 00 என்று எழுதுவதும் வேண்டாம். இந்தியா போன்ற சில நாடுகளிலிருந்து வெளிநாட்டை அழைக்கும்போதுதான் 00 பொருந்தும். சிங்கப்பூரில் 001 போன்ற வேறு முன்னெண்களும் வழக்கத்தில் உள்ளன. கூட்டல் குறியோ “உங்கள் நாட்டில் வெளிநாட்டை அழைக்க எதை அழுத்துவீர்களோ அதை இங்கே அழுத்துங்கள்” என்ற பொருளில் எல்லா நாட்டிலும் விளங்கும்.

“எங்க வீட்டு லேண்ட்லைன் ஆறு நம்பர்தான். அதை அப்படியே எழுதலாமா?”

உள்ளூர் எண்ணை மட்டும் எழுதினால் அது எந்த ஊர் எண் என்பது தெரியாது. காரைக்குடியின் குறியீடு 04565, தேவகோட்டையின் குறியீடு 04561. இரண்டுக்கும் வேறுபாடு கடைசி இலக்கத்தில் மட்டுமே இருப்பதால் அந்தக் குறியீட்டையும் கவனமாக எழுத வேண்டும். முன்னே உள்ள 0-ஐ நீக்கினால் நான்கு இலக்கம். அதோடு ஆறு இலக்க எண் சேர்ந்து மொத்தம் பத்தாகும். காரைக்குடி எண்ணை +91 4565 012345 என்ற வடிவில் எழுதலாம். நாட்டுக் குறியீட்டுக்குப் பின் பத்து இலக்கம் வருகிறதா என்று எண்ணிப் பார்த்தால், விடுபட்டது உடனே தெரிந்துவிடும்.

சிலர் +91 (0)4565 என்று அடைப்புக்குறிக்குள் சுழியம் இடுகிறார்கள். உள்நாட்டாருக்கும் வெளிநாட்டாருக்கும் ஒரே எழுத்தில் வழிகாட்டும் எண்ணம்தான் அது என்றாலும், படிப்பவருக்கு அதை அழுத்த வேண்டுமா, விட வேண்டுமா என்பது விளங்குவதில்லை. சர்வதேச வடிவத்தில் அடைப்புக்குறி வேண்டாம். இணைப்பைத் துண்டித்துவிட்டு, பழக்கத்தால் இன்னும் எழுதிவரும் தரைவழி எண்களையும் விட்டுவிடுங்கள்.

“ஓனர் கோலாலம்பூர்ல இருக்கார். அவர் சொன்ன நம்பர் 012-ன்னு ஆரம்பிக்குது. அதை எப்படி எழுதுறது?”

மலேசியாவில் கைப்பேசி எண்ணை உள்நாட்டில் 0 உடன் சொல்வார்கள். நாட்டுக் குறியீடான +60 சேர்க்கும்போது அந்த 0 நீங்கிவிடும். 012-012 3456 என்று அவர் சொன்னால், ஒப்பந்தத்தில் +60 12 012 3456 என்று வர வேண்டும். அவர் சொன்னதையே எழுதி முன்னால் +60 ஒட்டினால், +60 012 என்று தவறாகிவிடும். அதைவிடக் கெட்டது, எந்த நாடு என்று எழுதாமல் 012-012 3456 என்று மட்டும் விடுவது. பத்து இலக்கம் இருப்பதால் இது இந்திய எண் போலவே தோன்றும். ஆனால் இந்தியக் கைப்பேசி எண் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் தொடங்கும் என்பதால், 0-இல் தொடங்கும் பத்து இலக்கத்தைப் பார்த்ததும் சந்தேகப்படலாம்.

மலேசியக் கைப்பேசி எண்கள் எல்லாம் ஒரே நீளமல்ல. 011-இல் தொடங்குபவை மற்றவற்றைவிட ஓர் இலக்கம் கூடுதலாக இருக்கும். எண்ணிக்கை மாறுகிறதே என்று யாராவது “திருத்தி” விடாமலிருக்க, எண்ணுக்குப் பக்கத்தில் “மலேசியா” என்று எழுதிவிடுங்கள். சிங்கப்பூர் எண்ணுக்கு +65-க்குப் பின் எட்டு இலக்கம் மட்டுமே. அங்கே நீக்க வேண்டிய 0 கிடையாது. அந்த எட்டு இலக்கத்தைக் கண்டு “ரெண்டு நம்பர் விட்டுப்போச்சு” என்று உரிமையாளருக்குத் திரும்பவும் கடிதம் போடத் தேவையில்லை.

“ஃபார்ம்ல பத்துக் கட்டம்தான் இருக்கு. வெளிநாட்டு நம்பரை எப்படி அதுல அடைக்கிறது?”

அடைக்க வேண்டாம். பத்துக் கட்டம் இந்தியக் கைப்பேசிக்காக அமைக்கப்பட்டது. மலேசிய எண்ணிலிருந்து நாட்டுக் குறியீட்டை நீக்கி 0 சேர்த்தோ, சிங்கப்பூர் எண்ணுக்கு முன்னால் இரண்டு சுழியம் சேர்த்தோ பத்தாக்கினால், பின்னால் அந்தப் படிவத்தைப் பார்ப்பவர் அதை இந்திய எண்ணாகவே எடுத்துக்கொள்வார். உரிமையாளரின் சார்பில் செயல்பட எழுத்தில் அதிகாரம் பெற்றவர் உள்ளூரில் இருந்தால் அவருடைய எண்ணை அந்தக் கட்டத்தில் இட்டு, அது யாருடையது என்பதையும் குறிப்பிடுங்கள். உரிமையாளரின் வெளிநாட்டு எண் ஒப்பந்தத்தின் உடலில் முழு வடிவில் இருக்கட்டும்.

“ஒரு நம்பர் கிடைக்கலைன்னா இன்னொண்ணு இருக்கட்டுமேன்னு சாய்வுக்கோடு போட்டு 58/59-ன்னு முடிக்கிறாங்களே, அது சரியா?”

சரியன்று. +91 10476 39158/59 என்பதை, கடைசி இரண்டு இலக்கம் மட்டும் மாறும் இரண்டாவது எண் என்று எழுதியவர் நினைக்கிறார். படிப்பவர் 59 என்பது உள் இணைப்பு எண் என்றோ, எழுதும்போது செய்த திருத்தம் என்றோ நினைக்கலாம். கடைக்குப் பெயர்ப்பலகை எழுதும்போது இடம் மிச்சம் பிடிக்க வந்த பழக்கம் இது. பத்திரத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஒவ்வோர் எண்ணையும் முழுமையாக, தனி வரியில் எழுதி, எதை முதலில் அழைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அச்சில் இன்னொரு தொல்லையும் உண்டு. வரியின் கடைசியில் எண் வந்தால், முதல் ஐந்து இலக்கம் ஒரு வரியிலும் மற்ற ஐந்து அடுத்த வரியிலுமாகப் பிரிந்துவிடும். சில சமயம் அடுத்த பக்கத்துக்கே போய்விடும். எண்ணுக்குத் தனி வரி கொடுத்தால் இதுவும் தீரும்.

“ரூபாயை எழுத்திலயும் எழுதுறோமே, போன் நம்பரையும் எழுத்தில எழுதணுமா? ரெண்டும் வேற வேறயா இருந்தா எது செல்லும்?”

எழுத்திலும் எழுதுவது நல்லது. ஆனால் இலக்கம் இலக்கமாக எழுத வேண்டும். 10476 39158 என்பதை “ஒன்று பூஜ்யம் நான்கு ஏழு ஆறு – மூன்று ஒன்பது ஒன்று ஐந்து எட்டு” என்று எழுதுங்கள். “பத்தாயிரத்து நானூற்று எழுபத்தாறு” என்று தொகைபோல் எழுதினால் படிக்கிறவர் மனத்துக்குள் மீண்டும் இலக்கமாக மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். பிழை அங்கேதான் நுழையும். இடைக்கோடு இட்ட இடமும் இலக்கத்தில் இடைவெளி விட்ட இடமும் ஒன்றாக இருந்தால் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது.

காசோலையில் எழுத்திலும் எண்ணிலும் தொகை வேறுபட்டால் எழுத்தில் உள்ளதே செல்லும் என்பது 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு. அது தொகைக்கான விதி. தொலைபேசி எண்ணுக்குப் பொருந்தாது. ஆகவே ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுவது என் பழக்கம்: “இலக்கத்திலும் எழுத்திலும் வேறுபாடு இருப்பின் எழுத்தில் உள்ளதே சரியானதாகக் கொள்ளப்படும்.” இதையும் மீறிப் பிழை வரலாம் என்பதால்தான், பின்னால் சொல்லப்போகும் சரிபார்ப்பு தேவைப்படுகிறது.

“பழைய பத்திரம் மாதிரி தமிழ் எண்ணுல எழுதினா அழகா இருக்குமே?”

அழகாகத்தான் இருக்கும். ஆனால் தமிழ் எண்ணில் ஒன்றுக்கான குறியும் “க” எழுத்தும் ஒரே உருவம். எட்டுக்கான குறி “அ” போலவே தோன்றும். பழைய கணக்குகளில் பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனிக் குறிகள் இருந்ததால், வெறும் இலக்கங்களின் வரிசையான தொலைபேசி எண்ணுக்கு அந்த முறை ஒத்துவராது. வழக்கமான எண்களையே பயன்படுத்துங்கள்.

“வீட்டுக்கு நாலு பங்கு. அதுல ரெண்டு பேருக்கு ஒரே பேர். யார் நம்பரை எழுதுறது?”

இது செட்டிநாட்டுக்கே உரிய சிக்கல். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால், ஒரே வீட்டின் பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் ஒரே பெயர் கொண்டிருப்பது சாதாரணம். முன்னெழுத்துகளும் முக்கால்வாசி ஒன்றாகவே இருக்கும். “சோமசுந்தரம், கைப்பேசி” என்று எழுதினால் எந்தச் சோமசுந்தரம் என்று வாடகைதாரருக்குத் தெரியாது. பெயருக்கு முன் எழுத்துகளை எல்லாம் முழுதாக எழுதி, தந்தை பெயர், இப்போது வசிக்கும் ஊர், வீட்டில் அவருக்குள்ள பங்கு ஆகியவற்றைச் சேர்த்து, அதற்குப் பின்தான் எண்ணை எழுத வேண்டும். ஒருவருடைய எண் அவர் பெயருக்கு நேரே மட்டுமே வரட்டும். நான்கு பேரையும் பட்டியலிட்டுவிட்டு அடியில் நான்கு எண்களைக் கொத்தாக எழுதுவதைத் தவிர்த்துவிடுங்கள்.

எல்லாருடைய எண்ணையும் எழுதினாலும், எதற்கு யாரை அழைப்பது என்று சொல்லாவிட்டால் ஓடு மாற்றுவதற்கு ஒருவரையும் வாடகை கட்ட மற்றொருவரையும் வாடகைதாரர் அழைத்து, பங்காளிகளுக்குள் வருத்தம் வரும். எனவே “பழுதுபார்ப்புக்கு”, “வாடகை, முன்பணம் தொடர்பாக” என்று நோக்கம் குறிப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, 2017-ஆம் ஆண்டின் நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் சட்டத்தில் சொத்து மேலாளர் ஒருவரை அமர்த்தும் ஏற்பாடு இருக்கிறது. அப்படி அமர்த்தினால் அவருடைய பெயரையும், அதிகாரத்துக்கான சான்றையும், எந்தெந்த நோக்கத்துக்கு என்பதையும் வாடகைதாரருக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்குச் சாவி மட்டும் கொடுத்து அதிகாரம் கொடுக்கவில்லை என்றால், அவர் எண்ணுக்கு நேரே “சாவி, தண்ணீர் மோட்டார் மட்டும்” என்று எழுதிவிடலாம்.

“அடிச்சு எழுதினது ஒரு நம்பர்தானே, மேலேயே திருத்திக்கலாமா?”

7-ஐ 1 ஆக்க மேலே அழுத்தி எழுதியது கடைசியில் 7 ஆகவும் தெரியாது, 1 ஆகவும் தெரியாது. தவறான எண் முழுவதையும் ஒரே கோட்டால் அடித்து, பழையது படிக்கும்படி விட்டு, பக்கத்தில் சரியான எண்ணை முழுதாக எழுதி, அந்த இடத்தில் எல்லாத் தரப்பினரும் சுருக்கொப்பமிட வேண்டும். வெள்ளை மை வேண்டாம். பதிவுக்குச் செல்லும் ஆவணமானால் இதற்குச் சட்ட வலுவும் உண்டு: 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவுப்படி, வரிகளுக்கிடையே எழுதியது, வெற்றிடம், அழித்தது, மாற்றியது ஆகியவற்றை ஆவணம் எழுதிக் கொடுத்தவர்கள் கையொப்பமிட்டு உறுதிசெய்யாவிட்டால் பதிவு அலுவலர் ஏற்க மறுக்கலாம்.

இப்பிரிவு வெற்றிடத்தையும் சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். “நம்பர் அப்புறம் எழுதிக்கலாம்” என்று விட்ட இடத்தில், கையெழுத்தான பின் யார் எதையும் எழுத முடியும். எண் இல்லாதவருக்கு “இல்லை” என்று எழுதி மூடிவிடுங்கள்.

“எழுதின நம்பர் சரிதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

முதல் பதிலில் சொன்னபடி, எண்ணுக்குள் சரிபார்ப்பு இல்லை. அதனால் அழைத்துப் பார்ப்பது ஒன்றே வழி. நினைவிலிருந்தோ பெயர்ப்பட்டியலிலிருந்தோ அழைக்கக் கூடாது. அச்சிட்ட தாளில் உள்ள இலக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அழுத்த வேண்டும். உரிமையாளரின் எண்ணை வாடகைதாரரும், வாடகைதாரரின் எண்ணை உரிமையாளரோ அவர் ஆளோ, கையெழுத்துக்கு முன் மேசையிலேயே அழைத்துப் பார்க்கட்டும். ஏற்கெனவே சேமித்த பெயரைத் தட்டினால் சேமித்த எண்தான் ஒலிக்கும். தாளில் உள்ளது தவறாகவே இருந்துவிடும்.

வெளிநாட்டு எண்ணை அழைக்கச் செலவாகும் என்று தயங்கினால், அதே இலக்கங்களைப் புதிதாகச் சேமித்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பி, அவர் பதில் எழுதினாரா என்று பார்க்கலாம். முகப்புப் படம் தெரிகிறது என்பதோடு நிறுத்த வேண்டாம். வேறு யாரோ ஒருவருடைய எண்ணானாலும் ஏதோ ஒரு படம் தெரியக்கூடும்.

“நம்பர் இருக்கே, நோட்டீஸை வாட்ஸ்அப்ல அனுப்பினா போதாதா?”

குழாய் உடைந்தது, வாடகை அனுப்பியாயிற்று என்பவற்றுக்குப் போதும். காலி செய்யச் சொல்லும் அறிவிப்பை அதை மட்டும் நம்பி விடாதீர்கள். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆவது பிரிவு, அத்தகைய அறிவிப்பு எழுத்தில், கையொப்பத்துடன், தபாலிலோ நேரிலோ கொடுக்கப்பட வேண்டும் என்கிறது. இயலாவிட்டால் சொத்தில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டலாம். ஆகவே ஒப்பந்தத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் கதவு எண்ணும் அஞ்சல் குறியீட்டு எண்ணும் கொண்ட முகவரியும் இருந்தே ஆக வேண்டும். வாட்ஸ்அப் வேறு எண்ணில் இருந்தால் அதைத் தனி வரியில் “வாட்ஸ்அப் மட்டும்” என்று குறிப்பிடுங்கள்.

“எல்லாத்தையும் சேர்த்து ஒரு மாதிரி எழுதிக் காட்டுங்க.”

உரிமையாளர் கோலாலம்பூரிலும், வீட்டைப் பார்த்துக்கொள்பவர் காரைக்குடியிலும் இருக்கும் ஒரு வீட்டுக்கு இப்படி அமையலாம். பெயர்களை நிரப்பிக்கொள்ளுங்கள்.

“முதல் தரப்பினர் (உரிமையாளர்): ........, த/பெ ........, கோலாலம்பூர், மலேசியா. வாடகை, முன்பணம், காலி செய்தல் தொடர்பாக அழைக்க:
+60 12 012 3456 (மலேசியா)
ஆறு பூஜ்யம் – ஒன்று இரண்டு – பூஜ்யம் ஒன்று இரண்டு – மூன்று நான்கு ஐந்து ஆறு.

முதல் தரப்பினரால் சாவிக்கும் பழுதுபார்ப்புக்கும் மட்டும் அமர்த்தப்பட்டவர்: ........, த/பெ ........, காரைக்குடி.
+91 10476 39158 (இந்தியா)
ஒன்பது ஒன்று – ஒன்று பூஜ்யம் நான்கு ஏழு ஆறு – மூன்று ஒன்பது ஒன்று ஐந்து எட்டு.

மேற்கண்ட எண்கள் கையொப்பமிடும் நாளில் இரு தரப்பினராலும் அழைத்துச் சரிபார்க்கப்பட்டன. இலக்கத்திலும் எழுத்திலும் வேறுபாடு இருப்பின் எழுத்தில் உள்ளதே கொள்ளப்படும். எண் மாறினால், மாற்றியவர் ஏழு நாள்களுக்குள் மற்றவருக்குக் கையொப்பமிட்ட எழுத்தில் தெரிவிப்பார்.”

வாடகைதாரர் பகுதியும் இதே அமைப்பில்தான் வரும். நேர வேறுபாட்டையும் ஒரு வரியில் சொல்லலாம்: மலேசியா இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னே இருப்பதால், இங்கே இரவு ஒன்பதரைக்கு அழைத்தால் அங்கே நள்ளிரவு.

“பாதியில சிம் மாத்திட்டா என்ன ஆகும்?”

துண்டிக்கப்பட்ட எண் என்றென்றும் வெறுமையாக இராது. இந்தியாவில் துண்டிக்கப்பட்ட கைப்பேசி எண் குறைந்தது 90 நாள்களுக்குப் பிறகு வேறொருவருக்குத் தரப்படலாம் என்பதை 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமே தெரிவித்திருக்கிறது. அதன்பின் அந்த எண்ணுக்கு அனுப்பும் வாடகை விவரமும் வங்கிக் கணக்குப் படமும் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகும்.

மூலப் பத்திரத்தில் உள்ள எண்ணை அடித்துத் திருத்த வேண்டாம். தேதியிட்ட தனித் தாளில் பழைய எண், புதிய எண் இரண்டையும் மேலே சொன்ன வடிவில் எழுதி, இரு தரப்பினரும் கையொப்பமிட்டு, பத்திரத்தோடு இணைத்துவிடுங்கள். புதிய எண்ணையும் அழைத்துப் பார்த்துவிட்டே கையெழுத்திடுங்கள்.

“பவர் ஏஜென்ட் நம்பர் மட்டும் போட்டா போதும்னு ஓனர் சொல்றார். ஒத்துக்கலாமா?”

நான் ஒத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். அதிகாரம் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்த அதிகாரமும் முடிந்துவிடும் என்பது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவு. முதியவர் வெளிநாட்டில் காலமானபின் இங்கே முகவரின் எண் வழக்கம்போல் ஒலித்துக்கொண்டே இருக்கும். முன்பணத்தைத் திருப்பித் தரும் அதிகாரம் அவரிடம் இருக்காது. முகவரின் எண்ணோடு உரிமையாளரின் சொந்த எண்ணையும், முடிந்தால் அவர் வாரிசுகளில் ஒருவருடைய எண்ணையும், உறவுமுறையைக் குறிப்பிட்டுத் தனித்தனி வரிகளில் கேட்டு வாங்குங்கள். பங்கு வீடானால் இன்னொரு பங்காளியின் எண் இந்த இடத்துக்குப் பொருந்தும். அவர் பெயரை எழுதும் முறை மேலே சொன்னதுதான்.